‘கணக்கில் கழித்துக்கொண்டோம்’ என்று பார்ட்டி கடிதம் போட்டிருக்கிறார், பதில் வரைவைத் திருத்திக் கொடுங்கள்

கப்பலூர்_அட்டை

எல்லோருக்கும் வணக்கம். கப்பலூர் சிட்கோவில் அட்டைப்பெட்டி போடுகிறோம். திண்டுக்கல் பக்கம் முறுக்கு, சேவு தயாரிக்கும் ஒரு பார்ட்டிக்கு மூன்று பில் பாக்கி. ஆகஸ்ட் பில் 1,84,000, செப்டம்பர் பில் 2,12,000, அக்டோபர் பில் 1,46,000. எல்லாம் வரியோடு சேர்த்து. மொத்தம் 5,42,000. போன் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. ஜனவரி 12 தேதியிட்டு அவர்களே கடிதம் அனுப்பியிருக்கிறார்கள், முதலாளி கையெழுத்து, சீல் எல்லாம் இருக்கிறது. சாரம் இதுதான்:

“உங்களுக்கு எங்கள் கணக்கில் நிற்பது ரூ.5,42,000. இதில் செப்டம்பர் லோடில் 400 பெட்டி குறைவு ரூ.12,800, பெட்டி நசுங்கியதால் ஏற்பட்ட நஷ்டம் ரூ.86,000, தாமதத்தால் தீபாவளி ஆர்டர் போனது ரூ.60,000, எங்கள் சகோதர நிறுவனம் உங்களுக்குக் கொடுத்த பிரிண்டிங் பிளாக் அட்வான்ஸ் ரூ.25,000, ஆக ரூ.1,83,800 கழித்துக்கொண்டோம். மீதி ரூ.3,58,200ஐ முழுத் தீர்வாக இரண்டு தவணையில் தருவோம்.”

நான் எழுதி வைத்திருக்கும் பதில்:

“ஐயா, உங்கள் கடிதம் எங்களுக்கு அதிர்ச்சி. நீங்கள் சொல்லும் கழிவு எதையும் ஏற்க முடியாது. பெட்டி நசுங்கியதற்கு வருந்துகிறோம், அந்தச் சமயம் எங்கள் இயந்திரத்தில் பசைப் பிரச்சினை இருந்தது. பல வருட உறவை மனதில் வைத்து ரூ.40,000 கழித்துக்கொள்ளுங்கள். மீதி முழுவதையும் மூன்று நாளில் தராவிட்டால் போலீசில் மோசடிப் புகார் கொடுப்போம், இனி ஒரு பெட்டிகூட வராது.”

இதை அனுப்பலாமா? வீட்டில் அனுப்பு என்கிறார்கள், எனக்குத்தான் கை வரவில்லை.

ஆரப்பாளையம்66

தம்பி, எதற்கு 40,000? ஒரு ரூபாய்கூட விடாதே. பார்ட்டி தன் இஷ்டத்துக்குக் கழிக்க முடியாது, கோர்ட்டுக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். அதற்கும் மேலே நீ சிறு தொழில் பதிவு வைத்திருப்பாய். சரக்கு இறங்கி 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம், 2006 சட்டத்திலேயே இருக்கிறது. ஜனவரியில் வந்து பேசுவது செல்லாது. சிறு தொழில் பாக்கிக்கென்று அரசு வைத்திருக்கும் சமாதான் போர்ட்டலில் ஏற்றிவிட்டு வேலையைப் பார்.

தெற்குவாசல்_ராஜா

நானும் ஒருத்தரிடம் சரக்கு வாங்கி அடிபட்டவன். நீங்கள் கழித்தது சரிதான் தலைவரே, விடாதீர்கள். டெபிட் நோட் போட்டுப் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள், அவன் வந்து கேட்கட்டும்.

கப்பலூர்_அட்டை

ராஜா அண்ணே, நான் விற்றவன். கழித்திருப்பது அவர்கள்.

தெற்குவாசல்_ராஜா

ஓ! அப்ப வேறு கதை. சரி சரி, பெரியவர்கள் சொல்லட்டும்.

பழைய_லெட்ஜர்

தம்பி, கை வராதது நல்லதாகப் போயிற்று. அனுப்ப வேண்டாம். நான் ஒரு நூல் மில்லில் பாக்கி வசூல் பிரிவில் இருந்தவன், இந்த மாதிரிக் கடிதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அவர் கடிதத்தைப் பத்திரமாக எடுத்து வை, தபால் உறையோடு சேர்த்து. அது உனக்கு எதிரான கடிதம் என்று நினைக்கிறாய். எனக்கு அதில் முதல் வரிதான் கண்ணில் படுகிறது: “உங்களுக்கு எங்கள் கணக்கில் நிற்பது ரூ.5,42,000.” பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார். காலாவதிச் சட்டம் 18ஆம் பிரிவில் இதற்கென்றே ஒரு விளக்கம் உண்டு. ஒப்புதலோடு சேர்த்து ‘தர மாட்டேன்’ என்று எழுதியிருந்தாலும் சரி, ‘என் பாக்கியைக் கழித்துக்கொள்கிறேன்’ என்று எழுதியிருந்தாலும் சரி, அது ஒப்புதல்தான். கெடு முடியும் முன்னால் எழுதியதால் ஜனவரி 12 முதல் உனக்கு மூன்று வருடம் புதிதாக ஓடும். ஆக உன் பதிலின் முதல் வேலை, அந்த 5,42,000ஐ அவர் சொன்னபடியே திரும்பச் சொல்லிப் பதிய வைப்பது. உன் வரைவில் அந்த எண்ணே இல்லை.

அடுத்து, அவர் நான்கு விஷயத்தை ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறார். நீயும் ஒரே மூட்டையாக “எதையும் ஏற்க முடியாது” என்று தள்ளிவிட்டு, அடுத்த வரியில் 40,000 விட்டுக்கொடுக்கிறாய். எதற்கு அந்த 40,000? குறைவுக்கா, தரத்துக்கா, தாமதத்துக்கா? நாளைக்கு அவர் வக்கீல், ‘மூன்று குற்றத்தையும் ஒப்புக்கொண்டு பேரம் பேசினார்’ என்பார். மூட்டையைப் பிரி. ஒவ்வொன்றும் வேறு ஜாதி.

அதற்கு முன் இரண்டு கேள்வி. அந்தப் பசைப் பிரச்சினை உண்மையா? 400 பெட்டி குறைவு உண்மையா?

கப்பலூர்_அட்டை

ஐயா, பசைப் பிரச்சினை வந்தது ஜூலையில். அந்த லாட்டை வெளியே விடவே இல்லை, அப்படியே கழிவுக்குப் போட்டுவிட்டோம். அவர்களுக்குப் போன பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பணிவாக எழுத வேண்டுமே என்று சேர்த்தேன்.

400 குறைவு உண்மைதான். டெலிவரி சலானில் அவர்கள் ஸ்டோர் கீப்பர் நீலப் பேனாவில் “400 குறைவு” என்று எழுதி, பக்கத்தில் எங்கள் டிரைவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதற்கு அப்புறம் யாரும் அதைக் கேட்கவில்லை, நாங்களும் மறந்துவிட்டோம்.

பழைய_லெட்ஜர்

பணிவுக்காக நடக்காத குற்றத்தை எழுதக் கூடாதப்பா. அந்த ஒரு வரி 86,000க்கு நீயே கொடுத்த சாட்சி ஆகியிருக்கும்.

400 பெட்டியை உடனே, முதல் வரியிலேயே ஒப்புக்கொள். 12,800 போகட்டும். சலானில் இரண்டு பேர் கையெழுத்து இருக்கும்போது அதையும் சேர்த்து மறுத்தால், நீ மறுக்கும் மற்ற மூன்றையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அண்ணன் ஆரப்பாளையம் சொன்னதில் பாதி சரி. 15 நாள் விஷயம், உனக்குப் பணம் எப்போது வரவேண்டியதாகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. அதற்குள் ஆட்சேபம் இல்லை என்றால் சரக்கு இறங்கிய நாளிலிருந்தே தவணை எண்ண ஆரம்பிக்கும். ஒப்பந்தத்தில் எவ்வளவு நாள் போட்டிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு. இவ்வளவு சரி. ஆனால் 15 நாள் போனதாலேயே பெட்டி மட்டமானது என்று சொல்லும் வாய்ப்பு முழுதாகப் போய்விடாது. 1930 சரக்கு விற்பனைச் சட்டம் 59ஆம் பிரிவு, வாங்கியவர் சரக்கை வைத்துக்கொண்டே, தரம் குறைந்த அளவுக்கு விலையைக் குறைத்துக் கேட்க இடம் கொடுக்கிறது. கோர்ட்டுக்கு அவர் முதலில் போக வேண்டியதில்லை, நீ கேஸ் போட்டால் பதிலாகவே சொல்லலாம். சமாதானில் போட்டாலும் அதே கதைதான். அங்கேயும் எதிர்க்கோரிக்கை வைக்கலாம் என்று 2021-ல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியாயிற்று.

ஆகவே ‘நீ கழிக்கவே முடியாது’ என்று எழுதாதே. ‘நீ கழித்த கணக்கு தப்பு’ என்று எழுது.

ஆரப்பாளையம்66

59 எனக்குத் தெரியாது. ஆனால் கோர்ட்டில் டிகிரி ஆகாத நஷ்டஈடு கடன் ஆகாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, ராமன் அயர்ன் பவுண்டரி. அதைத்தான் சொன்னேன்.

பழைய_லெட்ஜர்

1974 தீர்ப்பு, சரியாகத்தான் பிடித்தீர்கள். அதனால்தான் 86,000ஐ இரண்டாக உடைக்கச் சொல்லப் போகிறேன். தம்பி, அந்த 86,000க்கு அவர் விவரம் கொடுத்திருக்கிறாரா?

கப்பலூர்_அட்டை

கடிதத்தோடு ஒரு துண்டுத் தாள் இருக்கிறது. அக்டோபர் லோடில் 1,000 பெட்டி, 34 ரூபாய் வீதம் 34,000. முறுக்கு உடைந்து வீணானது 52,000.

பழைய_லெட்ஜர்

பார்த்தாயா. 34,000 என்பது பெட்டியின் விலை. பெட்டி நிஜமாகவே மட்டம் என்றால் விலைக் குறைப்பாகப் பேசத் தகுந்தது அது மட்டும்தான். அதிலும் முழு விலையா என்பது வேறு கேள்வி, பெட்டியைப் பயன்படுத்தியிருக்கிறார்களே. 52,000 முறுக்கு நஷ்டம், அது நஷ்டஈடு. எத்தனை கிலோ, எந்த நாள், எவ்வளவு விலை, உடைந்ததை என்ன செய்தார்கள், இதையெல்லாம் அவர் நிரூபித்தால்தான் அது பணமாகும். அண்ணன் சொன்ன தீர்ப்பு இந்த 52,000க்குப் பொருந்தும்.

தாமதக் கணக்கு எப்படி? ஆர்டரில் தேதி உண்டா?

கப்பலூர்_அட்டை

அக்டோபர் 1க்குள் என்று பர்ச்சேஸ் ஆர்டரில் இருக்கிறது. 6ஆம் தேதி இறக்கினோம். கிராப்ட் பேப்பர் ரீல் வரத் தாமதம், போனில் சொல்லியிருந்தேன். அபராதம் என்று எதுவும் ஆர்டரில் இல்லை. இறக்கும்போது சலானில் ஒன்றும் எழுதவில்லை, வழக்கம்போல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள்.

பழைய_லெட்ஜர்

அப்படியானால் 60,000க்கு எனக்கு ரொம்பப் பிடித்த பதில் இருக்கிறது. ஒப்பந்தச் சட்டம் 55ஆம் பிரிவின் கடைசிப் பத்தி. சொன்ன தேதி தவறி வந்த சரக்கை ஒருவர் ஏற்றுக்கொண்டால், ஏற்கும் நேரத்திலேயே ‘இதற்கு நஷ்டஈடு கேட்பேன்’ என்று தெரிவித்திருக்க வேண்டும். சும்மா வாங்கி வைத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்துக் கேட்க முடியாது. பதிலில் நீ வாதாட வேண்டாம். “அக்டோபர் 6 அன்று சரக்கை ஏற்ற நேரத்தில் அப்படி அறிவிப்பு ஏதும் கொடுத்திருந்தால் அதன் நகலை அனுப்பவும்” என்று கேள். அப்புறம் பந்து அவர் பக்கம்.

25,000 சகோதர நிறுவனம்: தனி ரிஜிஸ்ட்ரேஷனா?

கப்பலூர்_அட்டை

ஆமாம் ஐயா, அந்த முதலாளியின் தம்பி பெயரில் தனிக் கம்பெனி, ஜிஎஸ்டி எண்ணும் வேறு. அட்வான்ஸ் வாங்கியது நிஜம். பிளாக் செய்தாயிற்று, அவர்கள்தான் பிரிண்ட் ஆர்டர் தரவில்லை.

பழைய_லெட்ஜர்

அப்ப அது இந்தக் கணக்கே இல்லை. எனக்கு நீ தர வேண்டியதை உன் அண்ணனிடம் பிடிக்க முடியுமா? அதேதான். ஆனால் ஜாக்கிரதை: “பிளாக் பணத்தை அவர்களிடம் தனியாகத் தந்துவிடுகிறோம்” என்று எழுதிவிடாதே. அதுவும் ஒப்புதல்தான், காலாவதி அவர்களுக்குப் புதிதாக ஓடும். “அந்த நிறுவனம் கேட்டால் அவர்களுக்குத் தனியாகப் பதில் சொல்வோம்” என்பதோடு நிறுத்து.

சுங்குடி_அக்கா

நான் சின்னாளப்பட்டி பக்கம் சுங்குடி சேலை போட்டு அனுப்புகிறேன். இதைப் படித்ததும் எனக்கு நடந்தது ஞாபகம் வந்தது. சாயம் போகிறது என்று சொல்லி ஒரு கடைக்காரர் தன் பாட்டுக்குக் கால்வாசி கழித்து, மீதிக்குச் செக் அனுப்பினார். கூடவே ஒரு சீட்டு, “கணக்கு முடிந்தது” என்று. செக்கை வங்கியில் போட்டுவிட்டேன், சீட்டை யார் பார்த்தது? பிறகு மீதி கேட்டால், ‘நீதான் முடிஞ்சதுன்னு பணம் எடுத்துட்டியே’ என்கிறார். இந்தத் தம்பிக்கும் ‘முழுத் தீர்வு’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஆர்டிஜிஎஸ் வந்து விழுந்தால் என்ன செய்வது?

இன்னொன்று, வட்டி கிட்டி என்று முதல் கடிதத்திலேயே எழுதாதீர்கள். பார்ட்டி போய்விடும்.

பழைய_லெட்ஜர்

அக்கா சொல்வது முக்கியமான இடம். பணத்தை எடுத்ததாலேயே எல்லாம் முடிந்தது என்று சட்டம் நேராகச் சொல்லவில்லை. ஆனால் சீட்டோடு வந்த செக்கை வாய் திறக்காமல் போட்டால், ‘சம்மதித்துத்தான் எடுத்தார்’ என்ற வாதத்துக்கு இடம் கொடுக்கிறோம். அதனால் பணம் வருவதற்கு முன்பே நம் பதில் போய்ச் சேர வேண்டும்: எவ்வளவு வந்தாலும் ‘பில் கணக்கில் பகுதி வரவு’ என்றுதான் எழுதி வைப்போம், முழுத் தீர்வாக ஏற்கவில்லை என்று. பணம் விழுந்த அன்றே இன்னொரு மின்னஞ்சலும்.

வட்டி விஷயத்தில் அக்காவோடு எனக்குக் கொஞ்சம் வேறுபாடு. மிரட்ட வேண்டாம், கணக்குப் போட்டுக் காட்டவும் வேண்டாம். ஆனால் ஒரு வரியாவது இருக்கட்டும். இல்லாவிட்டால் பின்னால், ‘வட்டியை விட்டுவிட்டதாக நினைத்தோம்’ என்பார்கள்.

சுங்குடி_அக்கா

அந்த ஒரு வரிதான் ஐயா பார்ட்டி கண்ணில் முதலில் படும். எங்கள் தொழிலில் அடுத்த சீசனுக்கு அதே கடை வாசலில்தான் நிற்க வேண்டும்.

வரிக்கணக்கு_மீனா

ஜிஎஸ்டி பார்ப்பவள் என்ற முறையில் இரண்டு விஷயம். அவர்கள் டெபிட் நோட் அனுப்பியிருந்தால் அது அவர்கள் புத்தகத்துக்குத்தான். சரக்குக் குறைந்ததற்காக உங்கள் வரியைக் குறைக்க வேண்டுமென்றால் கிரெடிட் நோட் போட வேண்டியது விற்ற நீங்கள். 400 பெட்டிக்குப் போடுங்கள், அந்த செப்டம்பர் பில் எண்ணைக் குறிப்பிட்டு. நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை நேரம் இருக்கிறது என்றாலும் இப்போதே போடுங்கள். பதிலோடு சேர்ந்து போனால் பேச்சுக்கு எடை. ஆனால் ‘கணக்கை முடிக்க’ என்று மொத்தமாக 1,83,800க்கு கிரெடிட் நோட் கேட்பார்கள், போட்டுவிடாதீர்கள். விலையைக் குறைத்ததாக நீங்களே போர்ட்டலில் பதிவு செய்தது போல் ஆகிவிடும்.

இரண்டாவது, பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், அந்த பில்லில் எடுத்த உள்ளீட்டு வரியை அவர்கள் வட்டியோடு திருப்ப வேண்டும். ஆகஸ்ட் கடைசி பில் என்றால் பிப்ரவரி கடைசியில் அந்தக் கெடு வருகிறது. இதைக் கடிதத்தில் மிரட்டலாக எழுத வேண்டாம், அவர்கள் ஆடிட்டருக்கே தெரியும். நகலை மட்டும் அவருக்கும் போகிற மாதிரி பாருங்கள்.

மார்ச் முடிந்ததும் அந்த ஆடிட்டரிடமிருந்து ‘பாக்கி உறுதிப்படுத்தவும்’ என்று ஒரு தாள் வரும். அதில் 3,58,200 என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் எண்ணை எழுதி அனுப்புங்கள்.

கப்பலூர்_அட்டை

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். தரம் பற்றிய பத்தியில் “ஜனவரி கடிதம் வரை நீங்கள் பெட்டி பற்றி ஒரு புகாரும் சொல்லவில்லை” என்று போட்டிருக்கிறேன். இது நம் பலமான இடம் என்று நினைக்கிறேன்.

பழைய_லெட்ஜர்

பலமான இடம்தான், உண்மையாக இருந்தால். லோடு ஏற்றுகிறவர், டிரைவர், கணக்கு எழுதும் பிள்ளை, எல்லோர் வாட்ஸப்பையும் பார்த்துவிட்டாயா?

கப்பலூர்_அட்டை

ஐயா, கேட்டது நல்லதாயிற்று. டிஸ்பேட்ச் பையன் போனில் இருக்கிறது. அக்டோபர் 17, லோடு இறங்கி 11ஆவது நாள். அவர்கள் ஸ்டோர் கீப்பர் ஒரு போட்டோ அனுப்பி “பெட்டி மெத்துனு இருக்கு, கீழ்வரிசை பிதுங்குது பாருங்க” என்று எழுதியிருக்கிறார். பையன் “அடுத்த லாட்ல பாத்துக்கலாம்ணே” என்று பதில் போட்டிருக்கிறான். என்னிடம் சொல்லவே இல்லை.

ஆரப்பாளையம்66

வாட்ஸப் எல்லாம் எழுத்து ஆகுமா? முதலாளி அனுப்பவில்லையே. அந்த போட்டோ இல்லாத மாதிரியே விட்டுவிடு.

பழைய_லெட்ஜர்

அண்ணே, அது ஆகாது. மின்னணு வடிவில் இருப்பதும் எழுத்துதான் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டமே சொல்கிறது. ஸ்டோர் கீப்பர் சொன்னது கம்பெனி ஆட்சேபம் ஆகுமா, பையன் சொன்னது நம் ஒப்புதல் ஆகுமா என்றெல்லாம் இரண்டு பக்கமும் வாதாடலாம். எது ஜெயிக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் “ஒரு புகாரும் இல்லை” என்று நாம் எழுதி, அவர் அந்த போட்டோவை எடுத்து நீட்டினால், 55ஆம் பிரிவுப் பதில்கூட அதோடு நீர்த்துப்போகும். அந்த வரியை அடி. 15 நாள் வாதத்தையும் அக்டோபர் லோடுக்கு மட்டும் விட்டுவிடு. சலானில் எழுதிய அந்த 400 குறைவு தவிர, மற்ற இரண்டு பில்லுக்கு அது அப்படியே நிற்கிறது.

போட்டோவில் என்ன தெரிகிறது? பெரிதாக்கிப் பார்த்துச் சொல்.

கப்பலூர்_அட்டை

பார்த்தேன். பெட்டியை 11 வரிசை அடுக்கியிருக்கிறார்கள். எங்கள் பெட்டியின் பக்கவாட்டிலேயே “8 அடுக்குக்கு மேல் வேண்டாம்” என்று அச்சடித்திருக்கும், அந்த எழுத்துகூட போட்டோவில் தெரிகிறது. பின்சுவரில் இடுப்பளவுக்கு ஈரக்கறை. அடியில் பலகை, பேலட் எதுவும் இல்லை, நேராகச் சிமென்ட் தரை. வரிசையும் மூலைக்கு மூலை நேராக இல்லை, செங்கல் கட்டுகிற மாதிரி மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள்.

பழைய_லெட்ஜர்

பெட்டி விஷயம் உனக்குத்தான் தெரியும். இது எவ்வளவு முக்கியம்?

கப்பலூர்_அட்டை

எல்லாமே இதுதான் ஐயா. பெட்டியில் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது நான்கு மூலைதான். மூலை மேல் மூலை உட்காராமல் மாற்றி அடுக்கினால் பலம் வெகுவாகக் குறையும். அட்டை ஈரத்தை உறிஞ்சும், ஐப்பசி அடைமழையில் ஈரத் தரையில் வைத்தால் பாதி பலம்கூடப் போய்விடும். எங்கள் பெட்டி மட்டம் என்றால் மேல்வரிசைப் பெட்டியும் கையில் அமுக்கினால் மெத்தென்று இருக்கும், ஒட்டிய இடம் பிரியும். போட்டோவில் மேல் ஏழு வரிசையும் விறைப்பாகத்தான் நிற்கிறது. அந்த லாட்டில் சாம்பிள் பெட்டி எங்களிடம் இருக்கிறது, பர்ஸ்டிங் டெஸ்ட் எடுத்துவிடலாம்.

பழைய_லெட்ஜர்

அப்படியானால் மறைக்கப் பார்த்த போட்டோதான் உனக்குச் சாட்சி. நாமே முதலில் அதைக் குறிப்பிடுவோம். அவர்களிடம் மீதிப் பெட்டி இருந்தால் காட்டச் சொல், இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம். பழைய அட்டைக்காரனுக்குப் போட்டிருந்தால் அதையும் எழுத்தில் சொல்லட்டும்.

கப்பலூர்_அட்டை

திருத்திய பதில் இதோ. மீனா அக்கா, ஐயா, ஒருமுறை பாருங்கள்.

> பொருள்: ஜனவரி 12 தேதியிட்ட தங்கள் கடிதம்
>
> ஐயா,
>
> எங்களுக்குத் தங்கள் கணக்கில் ரூ.5,42,000 நிற்கிறது என்று தாங்கள் எழுதியதைக் குறித்துக்கொண்டோம். எங்கள் கணக்கும் அதுவே. தாங்கள் கழித்திருக்கும் நான்கு இனங்களுக்கும் தனித்தனியாகப் பதில் தருகிறோம்.
>
> செப்டம்பர் லோடில் 400 பெட்டி குறைந்தது சரி. ரூ.12,800க்குக் கிரெடிட் நோட் இணைத்துள்ளோம்.
>
> தாமதத்துக்கு ரூ.60,000 என்பதை ஏற்கவில்லை. அக்டோபர் 6 அன்று சரக்கை ஏற்ற நேரத்தில் நஷ்டஈடு கேட்கப்போவதாக அறிவித்திருந்தால் அதன் நகலையும், தவறியதாகச் சொல்லும் ஆர்டரின் விவரத்தையும் அனுப்பவும்.
>
> பெட்டி நசுங்கியதாக ரூ.86,000 கழித்ததை ஏற்கவில்லை. தங்கள் ஸ்டோர் கீப்பர் அக்டோபர் 17 அன்று அனுப்பிய படத்தில் பெட்டிகள் ஈரத் தரையில், பலகையின்றி, மூலை மாற்றி, 11 வரிசை அடுக்கப்பட்டுள்ளன. பெட்டியில் 8 அடுக்கு வரை என்று அச்சிட்டுள்ளோம். அதே லாட்டின் மாதிரிப் பெட்டி எங்களிடம் உள்ளது. தங்களிடம் மீதி இருந்தால் தேதி சொல்லவும், இருவரும் சேர்ந்து பார்க்கலாம். முறுக்கு வீணானதாகச் சொல்லும் ரூ.52,000க்கு எடை, தேதி, விலை ஆதாரம் அனுப்பவும்.
>
> ரூ.25,000 வேறொரு நிறுவனத்தின் விஷயம். இந்தக் கணக்கில் சேராது. அந்நிறுவனம் கேட்டால் அவர்களுக்குத் தனியாகப் பதில் சொல்வோம்.
>
> ஆக எங்களுக்கு வர வேண்டியது ரூ.5,29,200. இதில் ரூ.3,58,200 தங்கள் கணக்குப்படியே தர வேண்டியது. அதை ஏழு நாளுக்குள் நிபந்தனையின்றி அனுப்பவும். எந்தத் தொகை வந்தாலும் பில் கணக்கில் பகுதி வரவாகவே வைப்போம், முழுத் தீர்வாக ஏற்கவில்லை. மீதி ரூ.1,71,000 பற்றி நேரில் பேசத் தயார். தாமத வட்டி உள்ளிட்ட எங்கள் உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

பழைய_லெட்ஜர்

நன்றாக வந்திருக்கிறது. போலீஸ் போனது, மிரட்டல் போனது, 40,000ம் போனது. அந்த 40,000ஐ மனதில் வைத்துக்கொள், நேரில் பேசும்போது எடுக்கலாம். எழுதுவதாக இருந்தால் ‘சமரசப் பேச்சுக்காக மட்டும், உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று தலைப்பிட்டுத் தனிக் கடிதமாகத்தான். இந்தக் கடிதத்தில் கலக்காதே.

3,58,200ஐத் தனியாகப் பிரித்தது ஏன் என்று யாராவது கேட்டால்: அவரே ஒப்புக்கொண்ட தொகைக்கு விசாரணை முடியும்வரை காத்திராமல் தீர்ப்புக் கேட்க உரிமையியல் விதிகளில் வழி இருக்கிறது. அது அவர் வக்கீலுக்கும் தெரியும்.

வரிக்கணக்கு_மீனா

கிரெடிட் நோட் எண்ணையும் தேதியையும் கடிதத்தில் எழுதிவிடுங்கள். ஸ்பீட் போஸ்ட், மின்னஞ்சல் இரண்டிலும் அனுப்புங்கள். மற்றபடி சரி.

சுங்குடி_அக்கா

கடைசி வரியில் ‘தாமத வட்டி’ இருக்கிறது. எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. உங்கள் இஷ்டம் தம்பி.

கப்பலூர்_அட்டை

வட்டி வரியை விட்டுவைத்தேன் அக்கா. அனுப்பிய நாலாவது நாள் முதலாளியே போன் செய்தார், குரல் இறங்கியிருந்தது. தாமதக் கணக்கைப் பற்றிப் பேசவே இல்லை. மீதிப் பெட்டி இல்லையாம், பழைய அட்டைக்குப் போட்டுவிட்டார்களாம். “3,58,200ஐ இந்த வாரமே போடுகிறேன், பைனல்னு மட்டும் ஒரு வரி எழுதிக் கொடு” என்கிறார். தன் தம்பி கம்பெனியின் பிளாக் பணத்தையும் விடாமல் கேட்கிறார். என்ன சொல்ல?

பழைய_லெட்ஜர்

பைனல் வேண்டாம். “பணம் வந்ததும் இன்ன பில்லில் இவ்வளவு வரவு என்று ரசீது தருகிறோம்” என்று சொல். பழைய அட்டைக்குப் போட்டதாகப் போனில் சொன்னதை இன்றே மின்னஞ்சலில் போட்டு வை: “தாங்கள் இன்று தொலைபேசியில் தெரிவித்தபடி மீதிப் பெட்டிகள் விற்கப்பட்டுவிட்டன என்று அறிகிறோம்.” அவர் மறுக்காவிட்டால் 34,000 பேச்சு பாதி முடிந்தது. பிளாக் பணம் பற்றி எனக்கே இரண்டு மனம். பிளாக் செய்து முடித்தாயிற்று என்றால் அது அட்வான்ஸா, கூலியா? அந்த ஆர்டர் தாளை இங்கே போடு, பார்க்கலாம்.

ஆரப்பாளையம்66

ரசீதில் பில் எண் போடும்போது ஆகஸ்ட் பில்லுக்கு முதலில் வரவு வை தம்பி. பழசு முதலில் தீரட்டும்.

பழைய_லெட்ஜர்

அவர் எந்த பில்லுக்கு என்று சொல்லாமல் அனுப்பினால் அப்படி வைக்கலாம் அண்ணே. சொல்லி அனுப்பினால் அவர் சொன்னபடிதான்.